உப்புவெளிக் கிணறும் இல்லாத அம்மம்மாவும்

கேள்வி: நான் உப்புவெளியில் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் செய்து விற்கிறேன். ரோஸ் மணமுள்ளது மட்டும் கொழும்பில் வாங்கும் ஆயத்தச் சவர்க்காரப் பேஸை உருக்கிச் செய்வது. பேஸ்புக் பேஜுக்கு ‘எங்கள் கதை’ எழுத ஒருவர் 12,000 ரூபா வாங்கினார். அம்மம்மாவின் இரகசியம், கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர், நூறு வீதம் இரசாயனம் அற்றது, எக்ஸிமா குணமாகும் எண்டெல்லாம் எழுதித் தந்திருக்கிறார். அம்மம்மா சவர்க்காரம் செய்ததே இல்லை. எங்கட கிணறு சவர், கடைச் சவர்க்காரம் நுரைக்காது. அதால 2020 ஊரடங்கில் யூடியூப் பார்த்துப் பழகினேன். முதல் மூண்டு தரமும் வெட்டேக்க உடைஞ்சு போச்சு. இதையெல்லாம் கதை எண்டு போடேலுமோ? அவர் தந்ததையே போடட்டோ?

பதில்: போட வேண்டாம். 12,000 ரூபா போனது போனதுதான். அதை மீட்க வேண்டும் என்பதற்காக அந்தக் கதையைப் போட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அவர் தந்ததில் நன்றாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றிய ஒரு முழு வசனத்தை எடுத்து, இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டு கூகுளில் தேடுங்கள். மேற்கோள் குறி போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள்தான் வரும். அப்புறம் அதையே பேஸ்புக் தேடலிலும் போடுங்கள். இப்படித் தேடிப் பார்த்த நாளொன்றில் ஒரே அம்மம்மா மூன்று ஊர்களில் சவர்க்காரமும் கூந்தல் எண்ணெயும் செய்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருந்தது. இந்தத் தொழிலில் உள்ள சிலர் ஒரு கதையை எழுதிப் பத்துப் பேருக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

தேடி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அந்த அம்மம்மா நிற்கமாட்டார். ஒரு வாடிக்கையாளர் மெசஞ்சரில், “அம்மம்மா எந்த எண்ணெயில காய்ச்சினவ?” என்று சாதாரணமாகக் கேட்பார். நீங்கள் ஒரு பதிலைக் கற்பனை செய்ய வேண்டிவரும். அடுத்த மாதம் இன்னொருவர் கேட்கும்போது முதல் பதில் நினைவில் இருக்காது. ‘எங்கள் கதை’யில் ஒரு வசனம் போடலாமா கூடாதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: வாசிப்பவர் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்ல முடியுமா? முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் எவ்வளவு அழகான வசனமென்றாலும் வெட்டுங்கள்.

கன்னியா வெந்நீர் அந்தக் கேள்வியில் உடனே விழும். ஏழு கிணறுகளும் எல்லோருக்கும் தெரிந்த இடம். அங்கிருந்து நீங்கள் தண்ணீர் அள்ளி வருவதில்லை என்பதும் அயலவருக்குத் தெரியும். அதைவிட, சவர்க்காரம் செய்யத் தெரிந்த ஒருவர் வாசித்தால் சிரிப்பார். காஸ்டிக் சோடாவைக் கரைக்கக் காய்ச்சி வடித்த நீரைத்தான் எடுப்போம். தாதுப்பு உள்ள நீர், சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகும். பெருமையாக எழுதியது, தொழில் தெரியாது என்பதற்கான அத்தாட்சியாகிவிடும்.

‘இரசாயனம் அற்றது’ என்பது இன்னும் மோசம், ஏனென்றால் காஸ்டிக் சோடா இல்லாமல் எண்ணெயிலிருந்து கட்டிச் சவர்க்காரமே இல்லை. 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற ஏறத்தாழ 91 கிராம் காஸ்டிக் சோடா தேவை. தனித் தேங்காய் எண்ணெய்க் கட்டி தோலை வறளச் செய்யும் என்பதால், பழகியவர்கள் இருபது வீதம் குறைத்து 73 கிராம் அளவில் போடுவார்கள். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது சோடா முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும், கொஞ்சம் எண்ணெய் மட்டும் கட்டியில் மிஞ்சும். இதை மறைக்க என்ன இருக்கிறது? “காஸ்டிக் சோடா போடுகிறேன், காய்ந்த கட்டியில் அது மிஞ்சாது, காரணம் இது” என்று எழுதுகிறவரைத்தான் நான் நம்புவேன். இன்னொன்று: அவர் அடுத்த தடவை ‘பிஎச் 5.5’ என்று எழுதித் தரக்கூடும். எண்ணெயில் செய்த உண்மையான சவர்க்காரத்தின் பிஎச் 9க்கும் 10க்கும் பக்கத்தில்தான் நிற்கும். அதை 5.5க்கு இறக்கினால் சவர்க்காரம் சவர்க்காரமாகவே இராது.

எக்ஸிமா விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். அந்த வரியை நம்பி வாங்குவது பெரும்பாலும் சொறிந்து சொறிந்து அழும் பிள்ளையின் தாய். அந்தத் தோலுக்குச் சாதாரண சவர்க்காரமே எரிச்சலைக் கூட்டக்கூடும். சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம், வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும் பொய்யான கூற்றுகளையும் தடைசெய்கிறது. கதையை எழுதித் தந்தவர் அங்கே வந்து நிற்கமாட்டார். பேஜ் உங்கள் பெயரில்.

சரி, ‘வீட்டில் செய்யும் சவர்க்காரத்துக்கு எங்கே பதிவு, என்ன எழுதலாம்’ என்று முறையாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டும், அது திரும்ப முதலாவதைக் காட்டும். சிறுதொழில் பயிற்சி என்று கூப்பிட்டு, குளிரூட்டிய மண்டபத்தில் அரை நாள் ‘பிராண்ட் ஸ்டோரி’ படம் காட்டுவார்கள். லேபிளில் நிறையை எப்படிப் போடுவது என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. இந்த வெற்றிடத்தில்தான் 12,000 ரூபாக்காரர் கடை விரிக்கிறார். அவரோடு ‘இயற்கைச் சான்றிதழ்’ விற்கிறவரும் வருவார். யாருடைய ஆய்வுகூடம், என்ன பரிசோதனை, எந்தத் தொகுதிக் கட்டி என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் ஒரு தங்கநிற முத்திரையாகத்தான் வரும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். ‘கிணறு சவர், கடைச் சவர்க்காரம் நுரைக்காது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கதை அதுதான். பாம் எண்ணெயோ விலங்குக் கொழுப்போ கூடுதலாக உள்ள சவர்க்காரம் உப்புத் தண்ணீரில் கரைய மறுத்துத் தயிர் போலத் திரளும். தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் சிறியவை. அதனால் அதில் செய்த சவர்க்காரம் உப்பிலும் ஓரளவு கரைந்து நுரைக்கும். கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைத்தான் கொண்டுபோனார்கள். துறைமுக ஊரில், சவர்க் கிணற்றடியில் இருந்துகொண்டு அந்தச் சவர்க்காரத்தையே செய்கிறவருக்குக் கன்னியா எதற்கு?

ஆனால் என் சொல்லை வைத்து எழுதாதீர்கள், செய்து பாருங்கள். மூடியுள்ள ஒரே மாதிரிப் போத்தல் இரண்டு எடுத்து, இரண்டிலும் உங்கள் கிணற்றுத் தண்ணீரை அரைவாசிக்கு விடுங்கள். ஒன்றில் உங்கள் கட்டியைச் சுரண்டிய தூள் அரைத் தேக்கரண்டி, மற்றதில் நீங்கள் முன்பு வாங்கிய கடைச் சவர்க்காரத் தூள் அதே அளவு. பத்துத் தரம் குலுக்கி, ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒன்றில் நுரை நிற்கும், மற்றதில் வெள்ளைத் துணுக்கு மிதக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. அப்படி வந்தால் படமெடுத்துக் கதைக்குக் கீழே போடுங்கள். மற்றக் கம்பனியின் பெயரை மட்டும் காட்டாதீர்கள். வராவிட்டால் அந்த வசனத்தை எழுதாதீர்கள். சுண்ணாம்பு மிகக் கூடிய தண்ணீரில் உங்கள் கட்டியும் கொஞ்சம் கசடு விடும். ஆகவே ‘எந்தத் தண்ணீரிலும்’ என்று எழுதாமல் ‘எங்கள் கிணற்றில்’ என்றே எழுதுங்கள்.

மூன்று தரம் உடைந்ததையும் எழுதுங்கள். தேங்காய் எண்ணெய்க் கட்டி சில மணித்தியாலத்திலேயே இறுகிவிடும், அடுத்த நாள் வெட்டினால் நொறுங்கும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். செய்தவருக்கு மட்டும் தெரியக்கூடிய பிழை அது. கதை விற்கிறவருக்கு இப்படியொன்றைக் கற்பனை செய்யத் தெரியாது.

அந்த ரோஸ் கட்டிதான் சிக்கல். அதற்கு ஒரு விலக்கு உண்டு, கவனமாக வாசியுங்கள். வாங்கிய பேஸை உருக்கி வார்ப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை, ‘கையால் வார்த்தது’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ‘எண்ணெயிலிருந்து நானே செய்வது’ என்ற வசனம் அதையும் சேர்த்து மூடிவிடக் கூடாது. ‘எங்கள் சவர்க்காரங்கள் எல்லாம்’ என்று தொடங்கினீர்களானால் மூடிவிடும். ‘ஐந்து கிழமை காயவிட்டது’ என்பதும் அதற்குப் பொருந்தாது, பேஸ் கட்டியை அப்படிக் காயவிடத் தேவையில்லை. ‘தேங்காய் எண்ணெய் மட்டும்’ என்பதும் பொருந்தாது, பேஸில் வேறு பொருட்களும் இருக்கும். அந்தப் பட்டியலை விற்றவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆகவே கதையில் ரோஸுக்கு ஒரு தனி வசனம். பெட்டியின் பின்பக்கச் சின்ன எழுத்தில் போட்டேன் என்பது போதாது. கதையை வாசித்து வாங்குகிறவர் பெட்டியைக் காண்பது காசு கொடுத்த பிறகு.

நிறை பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டிய அன்று 100 கிராம் நின்ற கட்டி காய்ந்தபின் 90க்குக் கிட்ட இறங்கலாம். தராசில் காய்ந்த கட்டியை வைத்து வரும் எண்ணையே போடுங்கள்.

நீங்கள் எழுதியதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்:

“எங்கள் வீடு உப்புவெளியில். கிணறு சவர், கடையில் வாங்கிய சவர்க்காரம் நுரைக்கவில்லை. 2020 ஊரடங்கில் யூடியூப் பார்த்து நானே செய்து பழகினேன். முதல் மூன்று தடவையும் வெட்டும்போது உடைந்து போனது. இப்போது செய்வதில் தேங்காய் எண்ணெய், காய்ச்சி வடித்த நீர், காஸ்டிக் சோடா மூன்றுமே உண்டு. சோடா எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். ஐந்து கிழமை காயவிட்டே விற்கிறேன், செய்த திகதி பெட்டியில் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இது நுரைக்கிறது. ரோஸ் கட்டி மட்டும் வாங்கிய பேஸை உருக்கி நான் வார்ப்பது. தோல் நோய்க்கு இது மருந்தல்ல.”

காயவிடும் கிழமையை உங்கள் வழக்கப்படி திருத்திக்கொள்ளுங்கள். நாலுக்குக் குறைவென்றால் எழுதும் முன் அதைக் கூட்டுங்கள். திகதி போடாவிட்டால் இன்றே தொடங்குங்கள் அல்லது அந்த வரியை எடுங்கள்.

இதைப் பதிவிட முன் பேஜ் செட்டிங்கைத் திறந்து யார் யார் அட்மின் என்று பாருங்கள். கதை எழுதித் தருகிறவர்கள் ‘நானே ஏற்றிவிடுகிறேன்’ என்று அட்மின் உரிமை வாங்கிக்கொண்டு, பிறகு மாதக் கட்டணம் கேட்டுப் பேஜைப் பிடித்து வைப்பதைக் கண்டிருக்கிறேன். அவர் பெயர் அதில் இருந்தால் முதலில் அதை எடுங்கள், உங்கள் பேஸ்புக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பேச்சுவார்த்தை எல்லாம் அதற்குப் பிறகு.