நடையில் மேடு, ஓட்டத்தில் பள்ளம்: அனிமேஷன் கேள்வி-பதில்

இந்த முறை பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓட்டத்தைப் பற்றியவை. நடையைப் போட்டு முடித்தவர்கள் எல்லோரும் ஓட்டத்தில் வந்துதான் முட்டி நிற்கிறார்கள். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். கணக்கு எல்லாமே நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துத்தான்.

"நடை சைக்கிள் 24 ஃபிரேமில் நன்றாக வந்தது. ஒன்று விட்டு ஒன்று எடுத்து 12 ஃபிரேம் ஆக்கினேன். பையன் ஓடவில்லை, பஸ்ஸை விடப்போகிற மாமா மாதிரி வேகமாக நடக்கிறான். இன்னும் குறைக்கணுமா அக்கா?" (அல்சூர் மாணவி)

குறைக்காதீர்கள். எத்தனை ஃபிரேமை உருவினாலும் அது நடைதான். கப்பன் பார்க்கில் காலையில் கைவீசி வேகமாக நடக்கிறவர்களையும், அவர்களைத் தாண்டி மெதுவாக ஜாகிங் போகிறவர்களையும் பாருங்கள். சில சமயம் இருவர் வேகமும் ஒன்றாகவே இருக்கும். ஆனாலும் யார் நடக்கிறார், யார் ஓடுகிறார் என்பதில் நமக்குக் குழப்பமே வருவதில்லை.

நடையில் கால் ஒரு காம்பஸ் மாதிரி. பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்குமே, அதேதான். இரண்டு காலும் விரிந்திருக்கும் கான்டாக்ட் போஸில் இடுப்பு தாழும். ஊன்றிய கால் செங்குத்தாக நிற்க, மற்றக் கால் அதைக் கடக்கும் பாசிங் போஸில் இடுப்பு உயரும். உங்கள் பையனின் கால் நீளம் 200 பிக்சல், ஓர் அடியின் நீளம் 120 பிக்சல் என்று வையுங்கள். கான்டாக்டில் இடுப்பு ஏறக்குறைய 191-இல் இருக்கும், பாசிங்கில் 200-ஐத் தொடும். நடையின் ஏற்ற இறக்கம் முக்கால்வாசி இந்த முக்கோணக் கணக்கிலிருந்து வருவதுதான்.

ஓட்டத்தில் இது தலைகீழ். அங்கே கால் காம்பஸ் அல்ல, ஸ்பிரிங். காற்றிலிருந்து இறங்கும் உடம்பை முழங்கால் மடங்கித் தாங்குகிறது. மற்றக் கால் கடந்து போகிற பாசிங் நேரத்தில் ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கும். ஆக, நடையில் இடுப்பு உச்சத்தில் இருக்கிற அதே பாசிங் போஸில், ஓட்டத்தில் அது பள்ளத்தில் இருக்கிறது. உச்சம் வருவது கால் தரையிலேயே இல்லாதபோது.

உங்கள் 12 ஃபிரேமில் ஊன்றிய கால் பாசிங்கில் விறைத்து நிற்கிறது, இடுப்பு மேலே போகிறது. அதனால்தான் நடையாகத் தெரிகிறது. இரண்டு காலும் தரையை விட்ட படம் ஒன்றை நடுவில் செருகினாலும் பாசிங்கை மாற்றாவிட்டால் பையன் நடந்து நடந்து துள்ளுவான், அவ்வளவுதான். ரேஸ் வாக்கிங் போட்டியின் விதியே இதற்கு நல்ல சாட்சி. தரைத் தொடர்பு கண்ணுக்குத் தெரிய அறுந்துவிடக் கூடாது. முன்னே வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து செங்குத்தாக வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர்கள் பார்க்கும் இந்த இரண்டையும் மீறினால் அதுதான் ஓட்டம்.

ஓர் அடிக்கு 8 ஃபிரேம் வைத்துப் புதிதாகப் போடுங்கள். நொடிக்கு மூன்று அடி, சாதாரண ஓட்டத்துக்கு அது சரியான வேகம். ஃபிரேம் 1 கான்டாக்ட்: முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பு 186-இல். ஃபிரேம் 3 டவுன்: இடுப்பு 176. ஃபிரேம் 4 பாசிங்: 177, அதாவது இன்னும் பள்ளத்தில்தான், எழத் தொடங்கும் நேரம். ஃபிரேம் 6-இல் கட்டைவிரல் தரையை உந்தி விடுகிறது: 188. ஃபிரேம் 7, 8 இரண்டும் காற்றில்: 191, 190. ஃபிரேம் 9-இல் மற்றக் காலின் கான்டாக்ட், மறுபடி 186. இந்த எண்களை அப்படியே நகலெடுக்க வேண்டாம், எந்தப் போஸ் எதைவிடத் தாழ்வு என்கிற வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"என் கேரக்டர் காற்றில் 6 ஃபிரேம் இருக்கிறான். நிலாவில் ஓடுகிற மாதிரி மிதக்கிறான். எங்கே தப்பு?" (சிவாஜிநகர்)

எவ்வளவு உயரம் எழுந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பிய படத்தில் அளந்து பார்த்தேன், 8 பிக்சல். தப்பு அங்கேதான்.

காற்றில் இருக்கும் நேரமும் எழும் உயரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. காற்றில் ஆறு படம் என்றால் உந்திய படத்திலிருந்து இறங்கும் படம் வரை ஏழு இடைவெளி, கிட்டத்தட்ட 0.29 நொடி. பூமியின் ஈர்ப்பில் அந்த நேரத்துக்கு ஒருவர் 10 செ.மீ. எழும்ப வேண்டும். 200 பிக்சல் காலை 90 செ.மீ. என்று வைத்தால் அது 23 பிக்சல். நீங்கள் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஈர்ப்பு குறைந்த இடத்தில்தான் இப்படி நடக்கும் என்று கண் முடிவு கட்டிவிடுகிறது. நிலா என்று நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

எதிர்த் தவறும் உண்டு. காற்றில் இரண்டே படம் வைத்து 60 பிக்சல் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உயரம் 27 செ.மீ., உண்மையில் அதற்குப் பதினோரு ஃபிரேம் வேண்டும். இரண்டு படத்தில் அது முடிந்துபோனால், மேலேயிருந்து யாரோ நூல் கட்டிச் சுண்டுவது போல இருக்கும்.

இரண்டு படத்துக்கு, அதாவது மூன்று இடைவெளிக்கு, எழும் உயரம் 2 செ.மீ.தான். நம் பையனுக்கு நாலைந்து பிக்சல். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான். ஓட்டத்தில் நாம் பார்க்கும் குலுக்கலில் பெரும்பங்கு எழும்புவதில் இல்லை, தரையில் அமுங்குவதில் இருக்கிறது. மேலே சொன்ன எண்களில் 176-இலிருந்து 188 வரை ஏறுவது தரையிலேயே நடக்கிறது. ஆகவே ஓட்டம் சப்பென்று இருந்தால் தாவலை உயர்த்தாதீர்கள், டவுன் போஸை இன்னும் கொஞ்சம் அமுக்குங்கள். கார்ட்டூனுக்காக மிகைப்படுத்துவதானால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் உயரத்தைக் கூட்டினால் ஃபிரேமையும் கூட்ட வேண்டும். நேரம் இரட்டிப்பானால் உயரம் நாலு மடங்கு.

"நடைக்குப் பின்னணியை நகர்த்தினால் கால் பசை போட்டது போல ஒட்டுகிறது. ஓட்டத்துக்கு அதே கணக்கைப் போட்டால் வழுக்குகிறது." (எலெக்ட்ரானிக் சிட்டி)

எனக்குப் பிடித்த கேள்வி. நானே ஆரம்பத்தில் இதில் மாட்டி ஒரு வாரத்து வேலையை மறுபடி போட்டிருக்கிறேன்.

நடையில் நீங்கள் செய்தது இதுவாகத்தான் இருக்கும்: கான்டாக்ட் போஸில் இரண்டு காலுக்கும் நடுவே 120 பிக்சல் என்று அளந்து, ஓர் அடியின் 12 ஃபிரேமால் வகுத்து, ஃபிரேமுக்கு 10 பிக்சல் பின்னணியை நகர்த்தினீர்கள். அது சரி, ஏனென்றால் நடையில் எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கிறது. கடக்கிற தூரம் முழுவதும் படத்திலேயே அளக்கக் கிடைக்கிறது.

ஓட்டத்தில் கடக்கிற தூரத்தின் ஒரு பகுதி காற்றில் போகிறது. அதைப் படத்தில் அளக்கவே முடியாது. நம் 8 ஃபிரேம் ஓட்டத்தில் கால் இடுப்புக்கு 50 பிக்சல் முன்னே இறங்கி, ஃபிரேம் 6-இல் 100 பிக்சல் பின்னே உந்துகிறது என்று வையுங்கள். தரையில் அது நகர்ந்தது 150 பிக்சல். நீங்கள் 150-ஐ 8-ஆல் வகுத்தீர்கள், 19-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஆனால் அந்த 150 நடந்தது ஐந்தே இடைவெளியில். 5-ஆல் வகுத்தால் 30. பின்னணியின் சரியான வேகம் ஃபிரேமுக்கு 30 பிக்சல், காற்றில் இருக்கும்போதும் அதே 30. ஓர் அடியின் முழு நீளம் 240 ஆகிறது, விரிந்த காலில் தெரிந்ததைவிட 90 பிக்சல் அதிகம்.

அளக்கும்போது காலில் ஒரே புள்ளியைப் பிடியுங்கள். முன்னங்காலில் குதிகாலையும் பின்னங்காலில் கட்டைவிரலையும் அளந்தால் கணக்கு கெட்டுவிடும். ஃபிரேம் 1 முதல் 6 வரை அந்தப் புள்ளி ஒவ்வொரு படத்திலும் சமமாக 30 பின்னே போகிறதா என்று, முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னைப் போட்டுப் பாருங்கள். நாலாவது படத்தில் மட்டும் 22 வந்தால் வழுக்கல் அங்கே இருக்கிறது, பின்னணியில் இல்லை.

"நடையில் 'அப்' போஸ் பாசிங்குக்குப் பிறகு வருகிறது என்கிறார்கள். நீங்கள் பாசிங்கே உச்சம் என்கிறீர்கள்?"

உண்மையான நடையில் உச்சம் பாசிங்கை ஒட்டித்தான் வருகிறது. வரைகிறவர்கள் பழக்கத்தில் அதைச் சற்றுத் தள்ளி, குதிகால் எழும் படத்தில் வைக்கிறார்கள். அடுத்த காலில் விழுகிற கனம் அப்போது நன்றாகத் தெரியும். இரண்டுமே செல்லும்.

"ஓட்டத்தை டூஸில் போடலாமா?"

8 ஃபிரேம் அடியை டூஸில், அதாவது ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திப் போட்டால் நாலு படம்தான் கிடைக்கும், காற்றுக்கு ஒன்று மிஞ்சும். மெதுவான ஜாகிங்குக்குச் சமாளிக்கலாம். வேக ஓட்டத்தில் அடிக்கு 6 அல்லது 4 ஃபிரேம் என்று வரும்போது ஃபிரேமுக்கு ஒரு படம் என்கிற ஒன்ஸ்தான். இடக்கால் படமும் வலக்கால் படமும் ஒரே உருவரையாக வருவதால் ஒரே கால் துடிப்பது போலத் தெரியும். தூரத்துக் காலை ஒரு ஷேடு இருட்டாக்கினால் அது போய்விடும்.

"லால்பாக்கில் உட்கார்ந்து ஓடுகிறவர்களை வரையப் பார்க்கிறேன். கண்ணுக்குப் பிடிபடவே இல்லை." (ஜெயநகர்)

யாருக்கும் பிடிபடாது. குதிரை பாய்கையில் நாலு காலும் தரையை விடுகிறதா என்று தெரிந்துகொள்ளவே 1878-இல் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமரா வைத்துப் படமெடுக்க வேண்டியிருந்தது. உங்கள் போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் போதும். தெரியாதவர்களை எடுக்காதீர்கள், தம்பியையோ நண்பரையோ கூட்டிப்போய்க் கேமராவை இடுப்பு உயரத்தில் நேர் பக்கவாட்டில் ஆடாமல் வையுங்கள். முதலில் நடக்கச் சொல்லுங்கள், பிறகு ஓடச் சொல்லுங்கள். பத்து ஃபிரேமுக்கு ஒன்று எடுத்தால் நம் 24-இன் ஒரு படம். காலை இப்போதைக்கு மறந்துவிட்டு, பெல்ட் இருக்கும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒரு புள்ளி வைத்து வாருங்கள். இரண்டு வளைகோடு கிடைக்கும். கால்கள் கடக்கும் படம் எது என்று இரண்டிலும் குறியிட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.