பிதுக்கு பருப்பு வடைக்கு ரீல்: திரையில் எது, கேப்ஷனில் எது?

கேள்வி: அக்கா, அம்மாவும் நானும் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சாயங்கால பஜ்ஜி வண்டி போடுகிறோம். பனிக்காலம் ஆனதால் போன வாரம் பிதுக்கு பருப்பு வடை ஆரம்பித்தோம், ஒன்று 10 ரூபாய். அரை நிமிஷ ரீல் எடுத்து, "பாரம்பரியச் சுவை, ஆரோக்கியம் நிறைந்த, நாவூறும் புதிய வரவு" என்று திரை முழுக்க எழுதினேன். கேப்ஷனில் ஹேஷ்டேக் அடுக்கினேன். நிறையப் பேர் பார்த்தார்கள். ஆனால் "எங்க இருக்கு", "எவ்ளோ", "இது என்ன வடை" என்று கேட்டதோடு சரி, வண்டிக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. திரையில் என்ன எழுதவேண்டும், கீழே என்ன எழுதவேண்டும்?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

பதில்: தம்பி, அந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரீலில் எது விடுபட்டது என்று பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள். "நாவூறும்" என்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை பாருங்கள்.

முதலில் ஒரு விஷயம். திரையில் எழுதுவது வீடியோவோடு ஒட்டிப்போகிறது. ரீலைப் போட்ட பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, அழித்துவிட்டுத் திரும்பத்தான் போடவேண்டும். கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பருவத்துப் பண்டம் விற்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. ரீல் போட்ட அன்றைக்கே எல்லோரும் பார்த்து முடித்துவிடுவதில்லை. மூன்று வாரம் கழித்து, சில சமயம் மாசி பங்குனியில்கூட, புதிதாக யாருக்காவது அது போய்ச் சேரும். ஆகவே சீசன் முழுக்க மாறாதது திரைக்கு, மாறக்கூடியது கேப்ஷனுக்கு. வடையின் பெயரும், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதும், வண்டி நிற்கிற இடமும் மாறாது. விலை, நேரம், எந்த நாள் லீவு, எதுவரை கிடைக்கும் என்பதெல்லாம் மாறும். மொச்சை வரத்தைப் பொறுத்து அடுத்த வாரமே நீங்கள் 12 ரூபாய் ஆக்கலாம். திரையில் 10 என்று எழுதிவிட்டால், கடைசி ஈடு வரைக்கும் அதைச் சொல்லியே தகராறு செய்ய ஓர் ஆள் வருவார்.

இனி உங்கள் ரீலுக்கு வருவோம். அரை நிமிஷம் வேண்டாம், 16 விநாடி போதும்.

முதல் 3 விநாடிதான் எல்லாம். அதில் வண்டியையோ பெயர்ப் பலகையையோ காட்டாதீர்கள். உங்களிடம் இருக்கிற நல்ல காட்சி எண்ணெய்ச் சட்டியில்கூட இல்லை, அம்மாவின் விரலில் இருக்கிறது. ஊறவைத்த பச்சை மொச்சையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தினதும் தோல் கையில் நின்றுவிட, பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது அல்லவா, அதை இரண்டு மூன்று தடவை கிட்டத்தில் எடுங்கள். வெளிச்சத்துக்குப் பகலிலேயே எடுத்துவிடுங்கள். அதன்மேல் இரண்டே வரி:

பிதுக்கு பருப்பு வடை
பனிக்காலத்துக்கு மட்டும்

ஐந்து சொல்தான். "இது என்ன வடை" என்ற கேள்விக்கு மேல் வரியும் விரலும் சேர்ந்து பதில் சொல்லிவிடும். "பனிக்காலத்துக்கு மட்டும்" என்பது "புதிய வரவு" என்பதைவிட நூறு மடங்கு வேலை செய்யும், ஏனென்றால் அது உண்மை. கிருஷ்ணகிரிக்காரரிடம் போய்ப் பிதுக்கு பருப்பைப் புதுசு என்றால் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் மார்கழி முழுக்க அதில் குழம்பு கொதிக்கும். அதை வடையாகச் சுட்டு, தெருவில் சூடாகக் கொடுப்பதுதான் உங்கள் சங்கதி.

அடுத்த 5 விநாடி, அரைத்த மாவைத் தட்டி எண்ணெயில் விடுவது. இங்கே ஒரே வரி போதும்: "ஒவ்வொண்ணா தோல் பிதுக்குனது". பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். "கைகளால் தோல் நீக்கப்பட்டது" என்று எழுதினால் மருந்து டப்பா வாசகம் மாதிரி இருக்கும். வேலை எவ்வளவு என்பது அந்த ஒரு வரியில் தெரியும், விலைக்கும் அதுவே நியாயம் சொல்லும்.

அதற்கடுத்த 4 விநாடி, சுட்ட வடையைப் பிட்டு உள்ளே பச்சை நிறம் தெரியக் காட்டுவது. இங்கே எழுத்தே வேண்டாம். பிட்கிற சத்தம் கேட்கட்டும், ஆவி தெரியட்டும். திரையில் இடம் இருக்கிறதே என்று எழுதி நிரப்புவதுதான் உங்கள் பழைய ரீலின் கோளாறு.

கடைசி 4 விநாடி, வண்டியும் அதன் பின்னால் இருக்கிற அடையாளமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு காட்சி. வண்டி எங்கே நிற்கிறது என்று கடிதத்தில் இல்லை. அரச மரத்தடி என்று வைத்துக்கொண்டால்:

பழையபேட்டை அரச மரத்தடி
கிருஷ்ணகிரி

ஊர்ப் பெயரைக் கண்டிப்பாகப் போடுங்கள். உங்களுக்குப் பழையபேட்டை தெரியும், பெங்களூர் ரோட்டில் காரில் வருகிறவருக்குத் தெரியாது.

எழுத்து போதுமான நேரம் நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அது திரையில் இருக்கும்போது வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். படித்து முடிவதற்குள் மறைந்துவிட்டால் சொல்லைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எடிட் செய்கிற ஆப்பில் திரை காலியாக இருக்கும். போட்டபின் கீழே கணக்குப் பெயரும் கேப்ஷனும், வலது ஓரத்தில் லைக், ஷேர் பட்டன்களும் வந்து உட்காரும். ரீல் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு மெட்டா சொல்லும் கணக்கு, மேலே 14 சதவீதமும் கீழே 35 சதவீதமும் எழுத்தில்லாமல் விடவேண்டும் என்பது. நமக்கும் அது பொருந்தும். சுலபமாகச் சொன்னால், திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் எதுவும் எழுதாதீர்கள், நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். கடை முகவரியைக் கீழே எழுதியிருந்தீர்கள் என்றால், "எங்க இருக்கு" என்று கேட்டவர்கள் கண்ணுக்கு அது தெரிந்தே இருக்காது. நடுவில் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் பக்கத்தில் ரீல்கள் வரிசையாக நிற்கும்போது மேலும் கீழும் வெட்டுப்பட்டுத்தான் தெரியும், நடுவில் இருப்பது தப்பிக்கும். அட்டைப் படமாகப் பருப்பு பிதுங்குகிற காட்சியையே தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் எழுத்துரு. தமிழுக்கென்று செய்யாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் சில ஆப்களில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், அல்லது கட்டம் கட்டமாக வரும். பாலூ தம்பி 2, முக்த மலர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது தடிமனாக, கடைப் பலகைக்கு எழுதினது போல இருக்கும், உங்களுக்கு அதுதான் சரி. எழுத்துக்குப் பின்னால் பட்டை வைத்தால், 'பி'யின் மேல் சுழியும் 'து', 'கு' ஆகியவற்றின் அடிப்பகுதியும் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம், எண்ணெயிலும் வடையிலும் கரைந்துவிடும். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து அழகில்லை என்பார்கள், படிக்க முடியும். ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் தட்டச்சு செய்து வாங்கினதை அப்படியே ஒட்டாதீர்கள். அது பாமினி எழுத்துருவில் இருந்தால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், போனிலேயே அடித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் போடுவதற்கு முன்னால் அம்மாவின் போனில், சத்தத்தை அணைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பாரே என்று சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம். பாட்டை நம்பி எதையும் விடாதீர்கள்.

கேப்ஷனில் முதல் வரி மட்டும்தான் தட்டாமலே தெரியும், அதுவும் முழுதாகத் தெரியாமல் போகலாம். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கினால் அந்த இடம் வணக்கத்தோடு போயிற்று. நான் எழுதினால் இப்படி:

பழையபேட்டையில் பிதுக்கு பருப்பு வடை, ₹10
சாயங்காலம் 4 மணிக்கு முதல் ஈடு. பருப்பு தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.
கிருஷ்ணகிரி பழையபேட்டை, அரச மரத்தடி பஜ்ஜி வண்டி. ஞாயிறு லீவு.
பச்சை மொச்சை வரத்து இருக்கும்வரை, தை கடைசி வரை கிடைக்கும்.
#pithukkuparuppu #avarekalu #krishnagiri

நேரத்தையும் லீவையும் உங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஹேஷ்டேக் இதற்குமேல் தேவையில்லை. பண்டத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் வாக்கியத்திலேயே எழுதிவிட்டால் தேடுகிறவருக்கு அதுவே அகப்படும். நம் ஆட்கள் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள், அதனால் முதலாவது டேக். இரண்டாவது ஓசூர், பெங்களூர் பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கு. பனிக்காலத்தில் அவரேக்காய் என்றால் அவர்கள் வண்டியை நிறுத்துவார்கள்.

"ஆரோக்கியம் நிறைந்த" என்பதையும் எடுத்துவிடுங்கள், அதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல. எண்ணெயில் பொரித்ததை அப்படிச் சொன்னால் கமெண்டில் கேலி வரும். அடுத்த படியாகச் சர்க்கரைக்கு நல்லது, மூட்டு வலி போகும் என்று யாராவது எழுதச் சொல்வார்கள். நோய் தீரும் என்று உணவு விளம்பரத்தில் சொல்வதை உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.

புதிய ரீலைப் போட்டபின் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். "இது என்ன" என்று வந்தால் முதல் 3 விநாடி சரியில்லை. "எங்க" என்று வந்தால் கடைசிக் காட்சியின் எழுத்து மறைகிறது, அல்லது அதுவரை யாரும் பார்ப்பதில்லை. அப்படியென்றால் நடுக் காட்சிகளைக் குறையுங்கள். "இன்னும் இருக்கா" என்று வந்தால் ரீலில் குறையில்லை, கேப்ஷனைத் திருத்த நேரமாகிவிட்டது. கேட்டவருக்கெல்லாம் "டிஎம் பண்ணுங்க" என்று சொல்லாமல் விலையையும் இடத்தையும் அங்கேயே எழுதுங்கள், பின்னால் வருகிறவரும் படிப்பார்.

மொச்சை வரத்து நின்ற அன்று ரீலை அழிக்காதீர்கள். முதல் வரியை மட்டும் "இந்த வருஷப் பிதுக்கு பருப்பு முடிந்தது, இப்போது மிளகாய் பஜ்ஜி" என்று மாற்றி, விலையை எடுத்துவிடுங்கள். திரையில் தேதியோ வருஷமோ இல்லாததால் வருகிற மார்கழியில் அதே வீடியோவைப் புது விலையோடு மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.