சென்னையில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்களின் பத்திரக் கேள்விகள்

தாம்பரம், வேளச்சேரி பக்கம் பத்தொன்பது வருடமாகப் பத்திரம் பார்த்துக் கருத்து எழுதும் வக்கீல் நான். வந்த கேள்வியும் அதன் கீழே என் பதிலுமாகத் தருகிறேன். விலை ஏறுமா, எந்த ஏரியா நல்லது என்று கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.

வங்கி 13 வருட வில்லங்கச் சான்றிதழை, அதாவது இசியை, பார்த்துக் கடன் கொடுக்கத் தயாராக இருக்கிறது. பிறகும் 30 வருடம் எதற்கு?

2025-ல் என்னிடம் வந்த ஒரு ஃபைலைச் சொல்கிறேன். மேடவாக்கம் பக்கம் நாலு கிரவுண்ட், 16 வீடு, பில்டர் நிலத்துக்காரர்களிடம் பவர் வாங்கிக் கட்டுகிறார். 2012-லிருந்து எடுத்த இசி சுத்தம். நான் முப்பது வருடத்துக்குப் போட்டதும் 2010-ல் ஒரு கிரயப் பத்திரம் வந்தது. இசியில் பார்த்தால் சாதாரண ஒற்றை வரிதான். பத்திர நகலை வாங்கிப் படித்தபோதுதான் விற்றவர்கள் பகுதியில் "மைனர், வயது 3, கார்டியன் தாயார்" என்று இருந்தது.

நிலம் அந்தக் குழந்தையின் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 2008-ல் இறந்துவிட்டார். அப்படியானால் பிள்ளைக்குத் தனிப் பங்கு உண்டு, அந்தப் பங்கை அம்மா விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி எண் பத்திரத்தில் எங்கேயும் இல்லை. பிள்ளைக்கு 2025-ல் 18 ஆகிறது, அதிலிருந்து மூன்று வருடத்துக்குள், அதாவது 2028 வரை, அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். அப்போது 16 வீட்டுக்காரர்களும் பிரதிவாதிகள்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. இறந்தவரின் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு அம்மாவுக்கும் சம பங்கு. அந்தப் பாட்டியின் கையெழுத்தே பத்திரத்தில் இல்லை. இதை இசி காட்டாது. வாரிசுச் சான்றிதழையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

tnreginet.gov.in-ல் இசியைக் காசில்லாமல் பார்க்கலாம். பழைய சர்வே எண், உட்பிரிவு ஆன புதிய எண் இரண்டையும் போடுங்கள். ஒரு எண்ணை மட்டும் போட்டால் பாதிக் கதைதான் வரும். வரும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் நகல் வாங்கிப் படியுங்கள்.

மைனர் வழக்கெல்லாம் அபூர்வம் சார். 12 வருடம் அனுபவத்தில் இருந்தால் யாராலும் அசைக்க முடியாது. நான் ரியல் எஸ்டேட்டில் இருக்கிறேன்.

12 வருடம் என்ற கணக்கு காற்றில் வந்ததல்ல, காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது, 13 வருட இசி வழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் எல்லா உரிமைக்கும் அதே கணக்கு இல்லை. மைனரின் பங்கைக் கார்டியன் விற்றதை எதிர்க்க, அந்த மைனர் மேஜரானதிலிருந்து மூன்று வருடம். அடமானம் வைத்தவர் சொத்தை மீட்கக் கேட்க 30 வருடம். இந்த 30-க்காகத்தான் முப்பது வருட இசி.

அப்படியானால் எனக்கும் உரிமை உண்டா? அம்மா 1998-ல் எங்கள் இடத்தை விற்றார், அப்போது எனக்கு வயது 9.

கேட்டது ஃபிளாட் வாங்குவது பற்றி, இருந்தாலும் சொல்கிறேன். உங்களுக்கு 2007-ல் 18 ஆயிற்று, 2010-ல் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஒன்று: பத்திரத்தில் உங்கள் பெயரே சேராமல் அம்மா தனியாக விற்றிருந்தால் இந்த மூன்று வருடக் கணக்கு அப்படியே பொருந்தாது. பத்திரத்தைப் பார்க்காமல் அதற்கு மேல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மேடவாக்கம் ஃபைல் என்ன ஆயிற்று? அவர்கள் வாங்கினார்களா?

பிள்ளைக்கு 18 ஆனதும் அவரிடமிருந்து அந்த விற்பனையை ஒப்புக்கொள்ளும் பத்திரத்தைப் பதிவு செய்து தரச் சொன்னேன், பாட்டியின் பங்குக்கு விடுதலைப் பத்திரமும் வேண்டும் என்றேன். பில்டர் முயல்கிறார், பாட்டி இப்போது இல்லை, அவருடைய மற்ற பிள்ளைகள் ஒத்து வரவில்லை. வாங்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

பட்டா பில்டர் பெயரில் இருக்கிறது. போதாதா?

போதாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. கிரயப் பத்திரச் சங்கிலிதான் உரிமை, பட்டா அதற்குத் துணை. சங்கிலியில் ஓட்டை இருந்தாலும் பட்டா மாறிவிடும்.

யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு வர வேண்டும்?

மேலே சொன்ன நாலு கிரவுண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் 9,600 சதுர அடி, எல்லா வீடும் சேர்ந்து 16,800. உங்கள் வீடு 1,050 என்றால் பதினாறில் ஒரு பங்கு, 600 சதுர அடி யூடிஎஸ். 420 தருகிறார்கள் என்றால் மிச்சம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மாடியில் இன்னொரு தளம் போடுவதற்காகப் பில்டர் தன் கையில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ரெரா எண் இருக்கிறது, அட்வான்ஸ் 20 சதவீதம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் 13-வது பிரிவு சொல்கிறது. ரெரா எண் என்பது திட்டம் பதிவாகியிருக்கிறது என்பதற்கான அடையாளம், நிலத்தின் பத்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை. அந்த எண்ணைப் போட்டுத் திறந்து, பில்டர் தாக்கல் செய்த வரைபடத்தில் எத்தனை தளம் என்று பாருங்கள். சிஎம்டிஏ அனுமதியில் ஸ்டில்ட் பிளஸ் நாலு, அதாவது கீழே கார் நிறுத்தம், மேலே நாலு மாடி, உங்களுக்குக் காட்டுவது ஐந்தாம் மாடி வீடு என்றால் அங்கேயே எழுந்து வாருங்கள்.

பட்டா சிட்டா எல்லாம் ஆன்லைனில் சரியாக இருக்கிறது, இதற்கு மேல் என்ன?

மேலே பட்டா கேள்விக்கு எழுதியதைப் படியுங்கள்.

பில்டரின் பழைய வேலையை எப்படி விசாரிப்பது?

அவர் நாலைந்து வருடம் முன்பு ஒப்படைத்த கட்டிடத்துக்குச் சாயங்காலம் போய்ச் சங்கச் செயலாளரைப் பிடியுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: கம்ப்ளீஷன் சான்றிதழ் வந்ததா, கரண்ட் நிரந்தர இணைப்பா, எல்லோருடைய யூடிஎஸ்ஸும் பதிவாகிவிட்டதா. கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக இணைப்பிலேயே குடியிருப்பவர்கள் இன்னும் காலம் தள்ளிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கம்ப்ளீஷன் சான்றிதழில் சிக்கல். கட்டிட அமைப்பில் குறை வந்தால் ஒப்படைத்து ஐந்து வருடம் வரை பில்டர்தான் இலவசமாகச் சரி செய்ய வேண்டும். அந்தக் கட்டிடத்தில் செய்து கொடுத்தாரா என்பதையும் கேளுங்கள்.

பெரும்பாக்கத்தில் வாங்கலாமா? மெட்ரோ எல்லாம் வருகிறதே.

மெட்ரோவை விடுங்கள், அங்கே முதலில் பார்க்க வேண்டியது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் அது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்து ராம்சர் தளமானது. அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டிட அனுமதி தருவதை நிறுத்தும்படி 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் சிஎம்டிஏவிடம் சொன்னது. வழக்கு நகர நகர நிலைமை மாறும். அதனால் உங்கள் திட்டத்தின் அனுமதி எந்தத் தேதியில் வந்தது, சர்வே எண் சதுப்பு நில எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், மாஸ்டர் பிளானில் அந்த எண்ணுக்கு என்ன நிலப் பயன்பாடு போட்டிருக்கிறது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதற்குப் பணம் கட்டாதீர்கள்.

கோவையில் பிளாட் பார்த்திருக்கிறோம்...

நிலம் என்றால் டிடிசிபி அங்கீகாரம் பார்ப்பவரைக் கேளுங்கள், உள்ளூர்க்காரராக இருந்தால் நல்லது.

பில்டர் பவர் வைத்துப் பத்திரம் போடுகிறார், பரவாயில்லையா?

பவர் பதிவானதா, நிலத்துக்காரர் அதை ரத்து செய்திருக்கிறாரா என்று பதிவுக்கு முந்தின நாள் இன்னொரு தரம் இசி போட்டுப் பாருங்கள். அவர் இன்றும் உயிரோடு இருக்கிறாரா என்பதை இசி காட்டாது, தனியாக விசாரியுங்கள். போன மாதம் எடுத்த இசி அன்றைக்கு உதவாது.