மனை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை விட, சுவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? வாசகர் கேள்விகள்

தாம்பரத்தை ஒட்டி 30க்கு 40 மனை ஒன்று வருகிறது. மேற்குப் பார்த்தது என்பதால் விலை குறைவு. அதே லேஅவுட்டில் வடக்குப் பார்த்த மனைக்குச் சதுர அடிக்கு நானூறு ரூபாய் கூடுதல் கேட்கிறார்கள். எதை வாங்கலாம்?

இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இருந்தாலும் இன்னொரு முறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். மனைக்காரர் விற்பது சாலை இருக்கும் திசையை. வீட்டுக்குள் உங்களைச் சுடுவது மேற்குச் சுவர். இரண்டும் வேறு வேறு.

நம் ஊர் அட்சரேகையில் மத்தியானச் சூரியன் வருஷம் முழுக்க உயரமாகவே போகிறது. தெற்குச் சுவர், வடக்குச் சுவர் இரண்டையும் ஒரு சாதாரண சன் ஷேட் வைத்துக் காப்பாற்றிவிடலாம். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக வந்து சுவரில் நேராக அடிக்கும். காலையில் காற்று குளிர்ந்திருப்பதால் கிழக்குச் சுவரைப் பொறுத்துக்கொள்ளலாம். மாலையில் ஏற்கெனவே ஊரே கொதிக்கும்போது மேற்குச் சுவர் அடி வாங்குகிறது. அதனால் வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும், நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும், மேற்கில் குட்டைச் சுவர்தான் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மனையைப் பாருங்கள். சாலைப் பக்கம் 30, உள்நீளம் 40. மேற்குப் பார்த்த மனையில் பக்கத்துக்கு 3 அடி விட்டால் மேற்குச் சுவர் 24 அடிதான். வடக்குப் பார்த்த மனையில் முன்னும் பின்னும் விட்டது போக மேற்குச் சுவர் 30 அடியைத் தாண்டும். 20க்கு 60 மனையாக இருந்தால் இன்னும் மோசம்: ஒன்றில் 14 அடி, இன்னொன்றில் 50 அடி. கூடுதல் காசு கொடுத்து நீளமான மேற்குச் சுவரை வாங்குகிறீர்கள்.

அதை விட முக்கியம், அந்தச் சுவருக்கு நிழல் கொடுக்க இடம் இருக்கிறதா என்பது. சித்திரை மாதம் சென்னையில் மாலை 4 மணிக்குச் சூரியன் 33 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய மேற்கே நிற்கும். 2 அடி சன் ஷேட் போட்டால் அதன் நிழல் ஒன்றேகால் அடிதான் இறங்கும். 4 அடி உயர ஜன்னலில் முக்கால்வாசி வெயிலில் கிடக்கும். ஜன்னலை முழுசாக மறைக்க 6 அடி நீட்ட வேண்டும், அதாவது வராண்டாவோ போர்டிகோவோ வேண்டும். சாலைப் பக்கம் மேற்காக இருந்தால் அது இரண்டும் போடலாம், வாசலில் ஒரு புங்கமரமும் வைக்கலாம். 3 அடிச் சந்தில் என்ன செய்வீர்கள்?

'பக்கத்து வீடு நிழல் கொடுக்காதா சார்' என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கும், நியாயமான கேள்வி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் 8 அடி இடைவெளி, இரண்டும் ஒரே உயரம் என்றால், 3 மணிக்கு உங்கள் சுவரின் மேல் 9 அடி வெயிலில் இருக்கும், 4 மணிக்கு 5 அடி மட்டும். அப்புறம் இன்னும் குறையும். ஆனால் இது பக்கத்து மனையில் வீடு எழும்பிய பிறகுதான். காலி மனையாக இருக்கும் வரை மொத்தச் சுவரும் வாங்கும், நீங்கள் மாடி கட்டி அவர் கட்டாவிட்டால் மாடி வாங்கும். வரைபடம் போடும்போது பக்கத்து மனையை ஒருமுறை காலியாகவும் ஒருமுறை இரண்டு மாடியாகவும் நினைத்துப் பாருங்கள். வெயிலுக்கும் இதைப் பார்க்க வேண்டும், காற்றுக்கும் பார்க்க வேண்டும்.

ஆக, விலை குறைந்த மேற்கு மனையை வாங்கி, மிச்சக் காசில் முன்பக்கம் முழு அகலத்துக்கு வராண்டா போடுங்கள். மாடிப்படியையும் மேற்குச் சுவரோடு வையுங்கள், பின்னால் இருக்கும் அறைக்கு அதுவே கவசம். அதே விலையில் கிழக்குப் பார்த்த மனை கிடைத்தால் அது இன்னும் நல்லது, கடல் காற்று வாசல் வழியாகவே வரும். கிடைக்காவிட்டால் அழ வேண்டாம்.

என் வீடு கிழக்குப் பார்த்தது. நல்லா காத்து வருமா?

எந்த ஊர்? எத்தனை அடி மனை? சுற்றி என்ன இருக்கிறது? மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் ஆரூடம் கேட்கிறீர்கள். ஊர் பெயராவது எழுதுங்கள். சென்னைக் காற்று வேறு, கோவைக் காற்று வேறு.

கோவையில் வீடு. காற்றும் மேற்கிலிருந்து வருகிறது, வெயிலும் மேற்கிலிருந்து வருகிறது. மேற்கே ஜன்னல் வைப்பதா, வேண்டாமா?

நல்ல கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும். அந்த மாதங்களில் பெரும்பாலும் மேகமூட்டமாக இருப்பதால் வெயில் அவ்வளவு தொந்தரவு இல்லை. மேற்கு வெயில் உறைக்கும் மாதங்கள் மார்ச், ஏப்ரல். இரண்டும் மோதினால் வெயிலுக்குத்தான் முதல் மரியாதை. காரணம் எளிது: வெயிலைத் திருப்ப முடியாது, காற்றைத் திருப்பலாம். காற்று சுவருக்கு நேராகத்தான் வர வேண்டும் என்பதில்லை, 45 டிகிரி சாய்ந்து வந்தாலும் ஜன்னலுக்குள் நன்றாகவே நுழையும். அதனால் பெரிய ஜன்னல்களைத் தெற்கில் வையுங்கள், தென்மேற்குக் காற்று அதில் சாய்வாக ஏறும். வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்து, கீல் கிழக்கு ஓரத்தில் இருந்தால், திறந்த கதவே காற்றை மடக்கி உள்ளே தள்ளும். மேற்கில் லிண்டலுக்கு மேலே சின்ன வென்டிலேட்டர் போதும்.

வெளியே போகும் வழியை மறக்காதீர்கள். வடக்கிலோ கிழக்கிலோ அதே அளவு, முடிந்தால் கூடுதலாகத் திறப்பு இருக்க வேண்டும். போக வழியில்லாத அறைக்குள் காற்று வராது. இதை நான் எழுதாத மாதம் இல்லை, ஆனாலும் வரும் வரைபடங்களில் பாதியில் படுக்கையறைக்கு ஒரே ஜன்னல்.

இன்னொன்று, இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். அதிலும் கொசுவலை போட்டால் காற்று இன்னும் குறையும். 5 அடி ஜன்னல் என்று நீங்கள் காசு கொடுத்தது காற்றுக்கு இரண்டரை அடிகூட இல்லை.

ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு கட்டுகிறோம். காற்று அதிகம் வர எந்தப் பக்கம் ஜன்னல் வைக்கலாம்?

காற்றாலை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு காற்று போதவில்லை என்கிறீர்களா! மேற்கே சின்னதாக வையுங்கள், கிழக்கே பெரிதாக வையுங்கள், எல்லாக் கதவுக்கும் நல்ல கொக்கி போடுங்கள்.

தெற்கே ஜன்னல் வைத்தால் கோடையில் வெயில் உள்ளே வரும் என்று மேஸ்திரி சொல்கிறார். (விழுப்புரம்)

மேஸ்திரியை மே மாதம் மத்தியானம் தெற்குச் சுவரடியில் நிற்கச் சொல்லுங்கள். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நம் வட மாவட்டங்களில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். தெற்கு ஜன்னலில் வெயில் விழுவது ஐப்பசிக்குப் பிறகு. மார்கழியில் மத்தியானம் சூரியன் 54 டிகிரி உயரத்தில் இருக்கும், 2 அடி சன் ஷேட் ஏறக்குறைய 2¾ அடிக்கு நிழல் கொடுக்கும். மீதி ஓரடிச் சொச்சம் வெயில் விழுந்தால் விழட்டும், மார்கழிதானே.

ஜூன் மாத மாலையில் வடமேற்கிலிருந்து சாய்வெயில் வடக்கு ஜன்னலில் புகும். அதற்கு ஜன்னலின் மேற்கு ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு செங்குத்துப் பலகை போதும்.

தென்மேற்கே, கன்னி மூலையில் படுக்கையறை. இரவு பதினொரு மணி வரை சுவர் தொட முடியாமல் சுடுகிறது. தடிமனான திரை போட்டும் பயனில்லை. (மதுரை)

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியில் வாங்கிய சூட்டை உள்ளே விட ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நான்கு மணி வெயில் பத்து மணிக்கு மேல் உங்கள் கட்டிலுக்கு வருகிறது. திரை உள்ளே இருக்கிறது, சூடு அதற்கு முன்பே சுவருக்குள் வந்தாயிற்று. நிழல் வெளியில் விழ வேண்டும். மேற்குச் சுவரிலிருந்து அரை அடி, முக்கால் அடி தள்ளி மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள், இடையில் காற்று ஓட வேண்டும். உள்ளே வார்ட்ரோபை அந்தச் சுவர் முழுக்க வைத்துவிடுங்கள், கட்டிலைக் கிழக்குச் சுவருக்கு நகர்த்துங்கள்.

மேல்தளம் உங்களுடையதா என்று எழுதவில்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால் சுவரை விட ஸ்லாப்தான் பெரிய குற்றவாளி, கோடையில் எந்தச் சுவரை விடவும் அதன் மேல் விழும் வெயில் அதிகம். கையை முதலில் கூரையில் வைத்துப் பாருங்கள். அதுவும் சுட்டால் வெள்ளைப் பூச்சை முதலில் முடித்துவிட்டு அப்புறம் தட்டிக்கு வாருங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: கன்னி மூலையில்தான் படுக்கையறை வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நான் வாஸ்துவோடு சண்டைக்கு வரவில்லை. மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லாமல், தெற்கே ஜன்னல் வைத்தால் இரண்டு பேரும் சமாதானமாகப் போகலாம்.

சென்னை அடையாறில் வீடு, தென்கிழக்கே அக்னி மூலையில் சமையலறை. சாயங்காலம் தாளிக்கும் நெடி வீடு முழுக்கப் பரவுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் ஏன்?

மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்துதான் வருகிறது. உங்கள் ஃபேன் அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது, காற்றுதான் ஜெயிக்கும். புகையை மேலே குழாய் வழியாக மாடிக்கு ஏற்றுங்கள். ஹாலுக்குத் தெற்கே தனி ஜன்னல் இருந்தால் அதைத் திறந்து வைத்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். ஹாலுக்கு வேண்டிய காற்று சமையலறை வழியாக வர வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

திசை பார்க்க போன் காம்பஸ் போதுமா? ஒவ்வொரு முறையும் வேறு காட்டுகிறது.

பைக் மேல் வைத்தும் கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்தால் அப்படித்தான் காட்டும். மனை நடுவில், இரும்பிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அதற்காக ஆளைக் கூப்பிட வேண்டாம். பத்துப் பதினைந்து டிகிரி மனை திரும்பியிருந்தாலும் மேலே சொன்னது எதுவும் பெரிதாக மாறாது. முப்பதைத் தாண்டினால் மட்டும் வரைபடத்தோடு எழுதுங்கள், ஊர் பெயரையும் சேர்த்து.