லிப்பேசின் அளவு நாளுக்கு நாள் மாறினால் முதலில் பால்மத்தைப் பாருங்கள்

கேள்வி: ஒலிவ் எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தை பீஎச் 8இல் நிறுத்தி, சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு லிப்பேசின் செயற்பாட்டை அளக்கிறேன். ஒரே நொதியக் கரைசல் நேற்று 28 அலகு காட்டியது, இன்று 17தான். காரத்தை மீண்டும் நியமித்தும் வித்தியாசம் போகவில்லை. எங்கே பிழை?

பதில்:

காரம் சரியென்றால் உங்கள் எண்ணெய்த் துளிகளின் பருமனைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எண்ணெயை உடைத்து, காரத்தைக் கேட்கும் கொழுப்பமிலத்தை விடுவிக்கும் நொதியமான லிப்பேசு நீரில் கரைந்திருந்தாலும் அது வேலை செய்வது எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில்தான். ஆகவே எத்தனை மி.லீ. எண்ணெய் இட்டீர்கள் என்பதைவிட அந்த எண்ணெய் எவ்வளவு பரப்பைத் தந்தது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. துளிகளின் சராசரி விட்டம் 2 மைக்ரோமீற்றரிலிருந்து 10 ஆகப் பெருத்தால், அதே எண்ணெயின் பரப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

திருகோணமலையில் சூரை மீனின் குடற் சாற்றை அளந்த நாட்களில் எனக்கும் இதே தடுமாற்றம் ஏற்பட்டது. காலையில் அடித்த பால்மத்தை மாலையிலும் பயன்படுத்தியதே காரணம் என்று, இரண்டையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்த பின்னரே தெரிந்தது. மாலைப் பால்மத்தில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய வட்டங்களாகியிருந்தன.

இப்போது நான் செய்வது இதுதான். அறபிப் பிசினை 10 சதவீதக் கரைசலாக முதல் நாளே கரைத்து, துணியில் வடித்து வைப்பேன். மறுநாள் அதில் 90 மி.லீ. எடுத்து, 10 மி.லீ. ஒலிவ் எண்ணெய் சேர்த்து, பிளெண்டரில் 30 வினாடி அடித்து 30 வினாடி ஓய்வு விடுவதாக ஆறு முறை அடிப்பேன். தொடர்ந்து அடித்தால் சூடேறும் என்பதால் பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி இருக்கும். நுரை அடங்கும்வரை காத்திருந்து, அடியிலிருந்து பால்மத்தை எடுக்க வேண்டும், ஏனெனில் நுரையோடு அளந்தால் மி.லீ. கணக்கே பொய்யாகிவிடும். ஒரு துளியை 40 மடங்கு வில்லையில் பார்த்து, பெரும்பாலானவை 5 மைக்ரோமீற்றருக்குள் இருந்தால் மட்டுமே தொடர்வேன். அன்று அடித்ததை அன்றே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், முடித்துவிடுவேன்.

பால்மம் போதுமா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நொதியத்தை மாற்றாமல் பால்மத்தை 5, 10, 15 மி.லீ. என மாற்றி, மொத்தக் கனவளவை 30 மி.லீ.யாகவே வைத்து அளந்து பாருங்கள். 10க்கும் 15க்கும் ஒரே வேகம் வந்தால் பரப்பு போதுமானது; ஏறிக்கொண்டே போனால் நீங்கள் அளப்பது நொதியத்தை அல்ல, பரப்பையே.

இரண்டாவது பிழை அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. ஒலிவ் எண்ணெயிலிருந்து பெரும்பாலும் விடுபடுவது ஓலெயிக்கமிலம். அது பீஎச் 8இலும் முழுமையாக அயனாக்கமடையாமல் போகலாம்; அயனாகாத பங்கு காரத்தைக் கேட்காது, அளவியிலும் தெரியாது. கல்சியம் குளோரைட்டும் பித்த உப்பும் அயனாக்கத்துக்கு உதவுகின்றன. ஆனால் துணைப் புரதமான கோலிப்பேசு இல்லாத தூய கணைய லிப்பேசைப் பித்த உப்பு தடுத்துவிடும் என்பதால், உங்கள் நொதியம் எது என்று பார்த்தே அதைச் சேருங்கள்.

எத்தனை பங்கு அயனாகிறது என்பதை நொதியம் இல்லாமலே அறியலாம். 10 மி.லீ. எண்ணெயில் 56.5 மி.கி. ஓலெயிக்கமிலத்தைக் கரைத்து, மேற்சொன்னவாறே பால்மமாக்கினால், அதன் 10 மி.லீ.யில் 20 மைக்ரோமோல் அமிலம் இருக்கும். இதையும், அமிலம் சேர்க்காத பால்மத்தையும் உங்கள் மற்றைய உப்புகளோடு பீஎச் 8க்குக் கொண்டுவாருங்கள். 0.05 மோலர் சோடியமைதரொட்சைட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.40 மி.லீ. இருக்க வேண்டும், எனக்கு ஒரு முறை 0.35தான் வந்தது, அதாவது 87.5 சதவீதம்.

அதே நாள் கணக்கைத் தருகிறேன். 37 பாகையில், முதல் இரண்டு நிமிடத் தயக்கத்தை விட்டுவிட்டு, 2ஆம் நிமிடத்திலிருந்து 7ஆம் நிமிடம் வரை 0.1 மி.லீ. நொதியத்துக்குக் காரம் நிமிடத்துக்கு 0.060 மி.லீ. சென்றது. நொதியமில்லாத வெற்றுப் பரிசோதனையில், காற்றின் காபனீரொட்சைட்டு முதலியவற்றால், 0.004 மி.லீ. சென்றது. மிச்சம் 0.056 மி.லீ.யில் 2.8 மைக்ரோமோல் காரம் இருப்பதால், நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோலை ஓர் அலகாகக் கொண்டால், ஒரு மி.லீ. நொதியத்துக்கு 28 அலகு, 0.875ஆல் பிரித்தால் 32 அலகு. இந்தத் திருத்தம் அந்தப் பால்மத்துக்கும் அந்த உப்புச் செறிவுக்கும் மட்டுமே பொருந்தும், எனவே அவற்றை மாற்றினால் மீண்டும் செய்ய வேண்டும்.

உங்கள் 17ஐப் பற்றி: அதே பால்மத்தின் துளியை இன்றே நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பிறகு புதிதாக அடித்த பால்மத்தில் அதே நொதியத்தை அளவுங்கள். 28க்கு அருகே திரும்பினால் குற்றம் பால்மத்தினுடையது. திரும்பாவிட்டால் நொதியக் கரைசலே இரவில் வலுவிழந்திருக்கலாம்.