பிள்ளை வீடியோவில் வர ஒப்புதல் கடிதம்: தாளில் என்ன இருக்க வேண்டும்?

"பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். 12 வயது மகளை ஒரு சமையல் சானலில் வரச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒப்புதல் கடிதம் ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி முத்திரையோடு வேண்டும், 2,000 ரூபாய் ஆகும் என்கிறார் தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதிக் கொடுப்பவர். கணவர் சிங்கப்பூரில். நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா?"

வெள்ளைத்தாளே போதும், அந்த 2,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. உள்ளே எழுதியிருப்பது நியாயமா என்று அவர் பார்ப்பதில்லை.

வாசலில் கிடைக்கும் அச்சுத்தாளில் "எக்காலத்துக்கும், எல்லா ஊடகங்களிலும், திரும்பப் பெற முடியாதபடி" என்று ஒரு வரி இருக்கும். நாளை உங்கள் மகள் முகம் எண்ணெய் விளம்பரத்தில் வந்து நீங்கள் கேட்கப் போனால், அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதை அடித்துவிட்டு, நீங்களே இப்படி எழுதுங்கள்:

"இந்தச் சானலின் இரண்டு பொங்கல் சமையல் வீடியோக்களில் மட்டும் என் மகள் வரச் சம்மதிக்கிறேன். விடுமுறை நாளில், நான் உடனிருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டும். பள்ளிப் பெயர், சீருடை, தெரு தெரியக்கூடாது. விளம்பரத்துக்கோ வேறு சானலுக்கோ தரக்கூடாது. நான் எழுதிக் கேட்டால் 7 நாளில் நீக்க வேண்டும்."

கீழே சானல்காரரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அந்தத் தாள் உங்கள் சம்மதத்துக்கு மட்டுமே சாட்சி, நிபந்தனைகளை அவர் ஏற்றார் என்பதற்கு இல்லை. ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். சானலில் நீக்கினாலும், அதற்குள் பிறர் இறக்கி வைத்த பிரதி போகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

டெல்டாவில் பாதி வீட்டில் அப்பா வெளிநாட்டில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். இந்துக் குடும்பங்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதல் காப்பாளராகச் சொல்கிறது. ஆனால் தந்தை பொறுப்பைக் கவனிக்க முடியாத நிலையில் இருந்தால் அம்மாவே காப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லிவிட்டது. நீங்கள் போடலாம். இருந்தாலும் தாளைப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பி, "சம்மதம்" என்று அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வாங்கி வையுங்கள். பின்னால் குடும்பத்தில் பேச்சு வராது. அம்மாவும் வெளிநாட்டில் என்றால், பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டி படப்பிடிப்புக்குத் துணையாகப் போகலாம், ஆனால் சம்மதக் கையெழுத்து பெற்றோருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு 14 நிரம்பவில்லை. சம்பாதிக்கும் சானல் என்றால் உங்கள் கடிதத்தோடு முடியாது. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் வந்த திருத்தப்படி, படம் எடுப்பவர் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவள் பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும். விதி வந்து இத்தனை வருடமாகியும் விண்ணப்பத்தை எந்த மேசையில் கொடுப்பது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. அந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். அலைய வேண்டியது சானல்காரர், நீங்கள் அல்ல. "அப்ளை பண்ணியாச்சு" என்று சொன்னால், அனுமதி நகல் கையில் வரும்வரை மகளை அனுப்பாதீர்கள்.