கடலோரமும் காய்ந்துபோவது ஏன்?

"ராமநாதபுரத்தில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் வறட்சிதான். கடலோரத்தில் பாலைவனமே உருவாகுமா?"

உருவாகும், சிலியின் அட்டகாமா மாதிரி. முதலில் நம்மூரைப் பாருங்கள். ஆடிக்காற்றில் கருவேலங்காட்டுப் புழுதிதான் பறக்கும். அந்தத் தென்மேற்குக் காற்று மலையேறும்போதே குளிர்ந்து, மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடாகி இறங்குவதால் மேகம் கலைந்துவிடுகிறது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் காற்று கண்மாயை நிரப்புகிறது, அதனால் தப்பித்தோம்.

அட்டகாமாவுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. கிழக்கே ஆண்டிஸ் மலை மறிக்கிறது. மேற்கே ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம். அதன்மேல் தங்கும் காற்று குளிர்ந்து கனத்துவிடும். மேலே எழும்பாத காற்றில் மழை ஏது? மூடுபனிதான் கரையேறும். அங்குள்ள அரிக்கா துறைமுகத்தில் ஆண்டுச் சராசரி மழை 1 மில்லிமீட்டர்கூட இல்லை.